மச்சாளின் ஐந்தாம் வரி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கூட்டெழுத்து எழுதினால் எனக்கே பிறகு வாசிக்க வராது. நினைவும் இப்போது ஓட்டைச் சட்டிபோல ஆகிவிட்டது. எது முந்தி, எது பிந்தி என்று குழம்பும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோயில் மலருக்கு மச்சாளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர்த் தம்பி மூன்று தரம் வீட்டுக்கு வந்து கேட்டார். சனங்கள் முன்னால் வாய் திறந்து பேசச் சொன்னால் மாட்டேன். தாளுக்கு முகமில்லை, ஆகையால் எழுதுகிறேன்.

மச்சாளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. என் வாயால் அந்தப் பெயரைச் சொன்னதே கிடையாது. தாய் செத்த பிறகு என்னை வளர்த்தவர் தாய்மாமன். அவருடைய மகள் அவள். ஒரே வீட்டில் ஒரே பாயில் வளர்ந்தோம். அவளுக்கு நான் மச்சாள், எனக்கு அவள் மச்சாள். ஊருக்குத்தான் அவள் "பாட்டுக்கார அம்மா". அந்தப் பட்டம் எப்படி அவளுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் நான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி என்று ஒன்று காற்றில் வந்துவிட்டால் அவளால் அதைச் சும்மா விட முடியாது. கேட்டது அவளையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மீன்காரர் வாசற் படலையில் நின்று, "நேத்து ஏன் ஒருத்தரும் இறால் வாங்கல்ல?" என்று தன் பாட்டுக்குச் சொன்னால், குசினிக்குள்ளிருந்து பதில் வரும். "நேத்து நீங்க கொண்டுவந்தது முந்தாநாளத்த இறால், அதுதான்!" மீன்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டு அவளுக்கு ஒரு கை கூடப் போடுவார். அதே இறாலை மூக்கருகில் வைத்து மணந்து பார்த்து முகம் சுளித்தவள் நான். சொன்னவள் அவள். கூட விழுந்த இறால் அவளுடைய சட்டியில்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் இப்படித்தான். மாப்பிள்ளையின் தாய் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பிள்ளைக்கு என்னென்ன தெரியும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறக்க எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் மச்சாள் அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்:

"தோணி விடத் தெரியும், கிழிஞ்ச வலை பொத்தத் தெரியும், கோழி உரிக்கத் தெரியும். வாய் திறக்க மட்டும் தெரியாது. உங்களுக்கு நல்லந்தானே மாமி!"

எல்லாரும் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாயிற்று. என் புருஷன் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் வாயால் வந்த ஒரு சொல்லையாவது அவர் அப்படி நினைவில் வைத்திருந்தாரா என்றால், இல்லை.

இனி அம்மானைக்கு வருகிறேன். அதை விளங்கப்படுத்தாவிட்டால் மச்சாளை விளங்காது.

அம்மானை மூன்று பெண்கள் ஆடுகிற ஆட்டம். சின்ன வயதில் எங்களுக்குப் பந்தில்லை, கழற்சிக்காய்தான். முதலாமவள் காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே இரண்டு வரி பாடுவாள். அதில் ஒரு செய்தி இருக்கும், "அம்மானை" என்று முடியும். இரண்டாமவள் அந்தச் செய்தியை அப்படியே திருப்பிப் பாடி, "ஆமாகில்" என்று சேர்த்து, அடுத்த வரியில் ஒரு சந்தேகம் கேட்பாள். அதுவும் "அம்மானை" என்று முடியும். மூன்றாமவள் ஒரே வரியில் அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பாள். அதோடு பாட்டு முடியும், காய் கைக்குள் வந்துவிடும். "அம்மா...னை" என்று இழுக்கிற இழுப்புச் சும்மா அழகுக்கு இல்லை. மேலே போன காய் திரும்பிக் கைக்கு வரும் நேரம் அது. குறைத்து இழுத்தால் காய்க்கு முந்திப் பாட்டு முடிந்துவிடும். கூட்டி இழுத்தால் காய் நிலத்தில் கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வரியின் முதற் சொல்லிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக வர வேண்டும். அப்படி வந்தால்தான் கை காயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் தானாக வரியைப் பிடித்துக்கொள்ளும்.

பூசாரியாரின் மகள் முதலாமவள். நான் இரண்டாமவள். மச்சாள் எப்போதும் மூன்றாமவள். இடம் மாறுவோம் என்று ஒருநாள் கேட்டேன். "நீ மூண்டாவதா நிண்டா பொழுதுபட்டுப் போகும் கா, நாங்க காயை மேல எறிஞ்சுபோட்டு வீட்ட போய்ச் சோறு திண்டுட்டு வரலாம்" என்றாள். பூசாரியாரின் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். முதலாமவளுக்கு இரண்டு வரி சொந்தம். மூன்றாமவளுக்கு ஒரு வரி என்றாலும் அது பாட்டின் முடிச்சு. கேட்கிறவர்கள் "ஆ!" என்பது அங்கேதான். நடுவில் நிற்கிறவளுக்கு ஒரு வரி இரவல். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் ஆட்டத்தில் தோல்வி. மற்ற வரிதான் சொந்தம், அதுவும் கேள்வியாகத் தொங்கிக்கொண்டு நிற்கும். கேள்வியை எடுத்துக்கொண்டு ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. பதிலைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்.

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவியின் மேற்குப் பக்கம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க கிழக்குப் பக்கத்து எழுவான்கரைக்குப் போக வேண்டும். மாமா மச்சாளைச் சேர்த்தார். ஒருத்தியைத்தான் சேர்க்க முடியும் என்றார், அது அவருடைய மகளாகத்தானே இருக்கும். அவளைத் தோணியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிற வேலை எனக்கு. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், மடியில் புத்தகம். அவள் முன்னால் இருப்பாள். நான் பின்னால் இருந்து துடுப்புப் போடுவேன். பிறகு, முன்னால் இருந்தால் தண்ணீர் தெரிகிறது என்று சொல்லி என் பக்கத்தில் வந்து நெருக்கிக்கொண்டு இருப்பாள். என் சட்டை நுனியை ஒரு கையால் பிடித்தபடி, இறங்குகிற வரைக்கும் வாய் ஓயாமல் கதைப்பாள். அவளை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது தோணியில் நான் தனி. அப்போதுதான் சந்தேகங்களைக் கட்டுவேன். அவளால் பதில் சொல்ல முடியாத ஒரு சந்தேகம். அதுதான் அந்த வயதிலிருந்து என் ஆசை.

எங்கள் இருவருக்கும் தலை நரைத்த பிறகு, கோயில் புதிதாகக் கட்டி எழும்பிய வருடம், விழாவில் எங்கள் அம்மனின் கதையைப் பெண்பிள்ளைகள் அம்மானையாக ஆட வேண்டும் என்று கோயில்காரர் முடிவு செய்தார்கள். செயலாளர்த் தம்பி மச்சாளிடம்தான் வந்தார். "பாட்டுக்கார அம்மா, நீங்கதான் கட்டித் தரணும்." அவள் வீட்டுத் திண்ணையில் நான் பக்கத்தில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். "கட்டலாம் தம்பி, ஆனா சந்தேகம் கேக்க இவ வேணும்" என்று மச்சாள் சொன்னாள். சொன்னாள் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் தம்பி எழுதிக்கொண்டது அவள் பெயரை மட்டுந்தான்.

கதை எல்லாருக்கும் தெரிந்தது. அம்மன் கிழவி வேடத்தில் எழுவான்கரையில் நின்று, அக்கரைக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்கிறாள். ஒருவரும் ஏற்றவில்லை. தாய் தகப்பன் இல்லாத ஒரு சிறுமி தன் ஓட்டைத் தோணியில் ஏற்றுகிறாள். நடு வாவியில் தோணி மலைபோலப் பாரமாகிறது. கரைக்கு வந்து பார்த்தால் கிழவி இல்லை, தோணியில் ஒரு வேப்பங்கொத்து. அதை நட்ட இடம்தான் கோயில்.

பூசாரியாரின் மகள் அப்போது உயிரோடு இல்லை. ஆகையால் முதல் இரண்டு வரியையும் இருவருமாகக் கட்டினோம். மச்சாள் எந்தப் பாட்டையும் கடைசியிலிருந்துதான் தொடங்குவாள். முதலில் பதிலைப் பிடித்து, அதற்கு ஏற்ற கேள்வியை என்னிடம் கேட்பாள். "பதிலை மடியில வச்சுக்கொண்டுதான் கா கேள்வி கேக்கணும். இல்லாட்டி பந்து மேலேயே நிண்டுடும்" என்பாள். முதற் பாட்டு அப்படி வந்தது:

எழுவான் கரைநின்று ஏழைக் கிழவியைப்போல்
பழுதான தோணியிலே ஏறிவந்தாள் அம்மானை
பழுதான தோணியிலே ஏறிவந்தாள் ஆமாகில்
முழுகாமல் தோணியினை ஓட்டியதார் அம்மானை?
அழுதாலும் கேட்பாரில் லாச்சிறுமி அம்மானை

எழு, பழு, முழு, அழு என்று விரலை மடித்துப் பார்த்துவிட்டு, "பாத்தியா, ஒண்டும் தவறல்ல" என்றாள். "அழுதாலும் கேட்பாரில்லாச் சிறுமி" என்று அவள் பாடியபோது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. மாமா வீட்டில் நான் அழுததை ஒரே பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தானே. அதையும் எடுத்துத் தன் பதிலாக்கிவிட்டாளே என்று நினைத்தேன்.

பந்து ஒரு பெரிய பாடாகிவிட்டது. கழற்சிக்காய் மேடையில் எறிந்தால் பின்னால் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் டென்னிஸ் பந்து தந்தார்கள். அது துள்ளி உயரப் போனது. பிள்ளைகள் "அம்மானை"யை மூச்சு முட்ட இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது நின்ற சின்னவளுக்கு இருமல் வந்துவிட்டது. கடைசியில் மச்சாளின் பழைய சேலையைக் கிழித்து, உள்ளே புளியங்கொட்டை வைத்து, நான்தான் உருட்டித் தைத்தேன். எறிந்தால் நெற்றிக்கு மேலே ஒரு முழம் போய், வரி முடியக் கைக்கு வந்தது. விழாவில் எல்லாரும் மச்சாளின் சேலை என்று சொன்னார்களே தவிர, தைத்த கை யாருடையது என்று கேட்கவில்லை.

கடைசிப் பாட்டுக்கு நான் அவளிடம் பதில் கேட்கவில்லை. நான்கு வரியையும் நானே கட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். கோயில் முன்றலில் பிள்ளைகள் மூவரும் பந்தோடு நின்றார்கள். செயலாளர்த் தம்பியும் இருந்தார். எனக்குப் பாட வெட்கம், முதற் பிள்ளையின் காதில் சொல்லி அவளைக்கொண்டு பாடுவித்தேன்:

அக்கரையில் நின்றவளை அன்போடு அழைத்துவந்து
இக்கரையில் சேர்த்துவிட்டாள் ஏழைமகள் அம்மானை
இக்கரையில் சேர்த்துவிட்டாள் ஏழைமகள் ஆமாகில்
எக்கரையும் ஆள்பவளுக்குத் தோணியெதற்கு அம்மானை?

மச்சாள் வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

ஒன்றும் வரவில்லை. மூன்றாவது பிள்ளை பந்தை எறிந்து பிடித்து, எறிந்து பிடித்து, அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாற்போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம். அதை ஏன் மறைக்க வேண்டும்? கடினமாகக் கேட்பது நடுவில் நிற்கிறவளின் வேலை.

"இதென்ன கேள்வி கா?" என்றாள்.

"கேள்விதான்."

"பதிலை மடியில வச்சிருக்கியா?"

"கேட்டவள் பதில் சொல்லக் கூடாது. அது ஆட்டத்துக்குச் சரிவராது."

"அப்ப உனக்கும் தெரியாதா?"

உண்மையில் எனக்கும் தெரியாது. உலகத்தையே கரைசேர்க்கிறவள் ஓட்டைத் தோணிக்கு ஏன் கெஞ்ச வேண்டும்? யோசித்துப் பார்த்து விளங்காததால்தானே கேட்டேன்.

அதற்கு அடுத்த நாளும் அவளுக்கு வரவில்லை. கோழிக்கு நெல் போடும்போதும் உதடு அசைந்துகொண்டிருந்தது. மீன்காரர் படலையில் நின்று ஏதோ கேட்டார், குசினிக்குள்ளிருந்து பதிலில்லை. "அம்மாவுக்குச் சுகமில்லையோ?" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் என் வாயால், "சுகந்தான், யோசினை" என்று பதில் சொன்னேன். அந்த வீட்டு வாசலில் நான் சொன்ன முதற் பதில் அது.

விழா நெருங்கியது. பதிலில்லாத பாட்டை மேடையில் ஏற்ற முடியாது, கடைசிப் பாட்டை விட்டுவிடுவோம் என்று கோயில் தலைவர் சொன்னார். அந்தப் பாட்டு போனால் கதை நடு வாவியிலேயே நின்றுவிடும், அம்மன் கரைக்கு வரமாட்டாள். என் கேள்வியும் போய்விடும். செயலாளர்த் தம்பி இருந்து யோசித்து ஒரு வரி கொண்டுவந்தார்:

துக்கத்தில் ஆழ்ந்தவளைத் தூக்கிவிட அம்மானை

நல்ல வரி. இன்றைக்கும் நல்ல வரி என்றுதான் சொல்வேன். அம்மனுக்குத் தோணி தேவையில்லை, அந்தச் சிறுமியைக் காப்பாற்றத்தான் ஏறினாள் என்பது கருத்து. இரண்டாம் எழுத்தும் சரியாக வந்தது. தலைவருக்குப் பிடித்தது. மச்சாளும், "நல்லாயிருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டாள்.

எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது. அவள் தோற்க வேண்டும் என்று இத்தனை காலம் ஆசைப்பட்டவள் நான். தோற்று, இன்னொருவரின் பதிலுக்குத் தலையாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க ஏனோ பொறுக்கவில்லை. அதோடு, தூக்கிவிட்டது யார், துக்கத்தில் ஆழ்ந்து கிடந்தது யார்? தாயில்லாப் பிள்ளையைத் தூக்கிவிட்ட மாமா வீட்டுக் கதையை ஊர் முழுவதும் எனக்குச் சொல்லியிருக்கிறது. இனி மேடையிலும் பாடப் போகிறார்களா?

விழா நாள் பின்னேரம், வெயில் சாயச் சாய ஆட்டம் தொடங்கியது. சனம் முன்றல் நிறைய. நான் மேடைக்குப் பக்கத்தில் தூண் மறைவில் நின்றேன். மச்சாள் வந்து என் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு பாட்டுக்கும் சனம் "ஆ" என்றது, எல்லாம் அவளுடைய வரிகளுக்கு. கடைசிப் பாட்டு வந்தது. முதற் பிள்ளை பாடியது. இரண்டாவது பிள்ளை என் கேள்வியைக் கேட்டது. சந்தடி அடங்கிப் போயிற்று. அந்த அமைதி எனக்குச் சொந்தம். அதை ஒருவரும் இல்லையென்று சொல்ல முடியாது.

மூன்றாவது நின்ற சின்னவள் பந்தை எறிந்தாள்.

பக்கத் துணையொருத்தி வேணுமடி அம்மானை

பந்து கைக்கு வந்தது. "ஆ" வரவில்லை. சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு பின்வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள், அப்புறம் எல்லாரும்.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்ன அம்மா இது? அம்மனுக்குத் துணை வேணுமாமா? அம்மன் பயந்தவவா?"

"கேட்டது இவ. சொன்னது நான். அம்மன் இன்னும் ஒண்டும் சொல்லல்லயே" என்றாள் மச்சாள். தலைவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

காலையில்தான் அந்தச் சின்னவளைக் கூப்பிட்டு வரியை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். எனக்கும் சொல்லவில்லை.

"எங்கிருந்து எடுத்த?" என்று கேட்டேன்.

"உன்ர தோணியிலிருந்துதான்" என்றாள். "பள்ளிக்கூடம் விட்டு வந்து நிண்டா, தண்ணியைப் பாக்க எனக்கு உயிர் போகும். கரையால சுத்திப் போற பாதையும் கிடந்தது, அப்பா பஸ்சுக்குக் காசும் தந்தவர். நீ வருவாய் எண்டுதான் கா நிண்டன்."

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பதில் என் தோணியில் கிடந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதற்குப் பக்கத்தில் இருந்துதான் நான் துடுப்புப் போட்டேன். நான் தண்ணீரைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன், அவள் சும்மா இருந்து வந்ததால் கண்டுகொண்டாள். அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மகள் அவளை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டாள். விமான நிலையத்துக்குப் போக வந்த வானில் ஏறும்போது என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு, "ஏரோப்பிளேனில பக்கத்தில ஆர் இருப்பாங்களோ கா" என்றாள். போய்ச் சேர்ந்து போன் எடுத்தபோது அதைத்தான் கேட்டேன். "ஒரு வெள்ளைக்காரி. இறங்கும் வரைக்கும் கதைச்சுக்கொண்டு போனன். அவவுக்கு ஒண்டும் விளங்கல்ல. எண்டாலும் மறுகாவும் கதைச்சன்." அந்த வெள்ளைக்காரி மேலேயும் எனக்கு அன்றைக்குப் பொறாமை வந்தது. மச்சாள் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். போனில்தான் முகத்தைப் பார்த்தேன்.

இப்போது மலருக்கு அச்சடித்த பாட்டைத் தம்பி கொண்டுவந்து காட்டினார். இரண்டு பிழை இருக்கிறது. கடைசிப் பாட்டில் ஐந்தாம் வரியின் இடத்தில் தம்பியின் வரி இருக்கிறது. மேடையில் பாடியது அதுவல்ல. அந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தி புளியந்தீவில் வேலை செய்கிறாள், சின்னவள் களுவாஞ்சிக்குடியில் கல்யாணம் கட்டி இருக்கிறாள். யாராவது அவர்களிடம் கேட்டுச் சரிபார்க்கவும். என் நினைவை நம்ப வேண்டாம்.

மற்றப் பிழையை நம்பலாம், அது கண்ணுக்குத் தெரிகிறது. அச்சுக்காரர் ஒரே வரி இரண்டு தரம் வந்துவிட்டது என்று நினைத்து, எல்லாப் பாட்டிலும் மூன்றாம் வரியை எடுத்துவிட்டார். அது தவறி வந்த வரி இல்லை. நடுவில் நிற்கிறவள் பந்தை வாங்குகிற இடம் அது. அது இல்லாவிட்டால் என் கேள்விக்கு நிற்க இடமில்லை, அவளுடைய பதிலுக்கு வர வழியில்லை. மேலே அவள் பெயர் மட்டும் இருக்கிறது, இருக்கட்டும். அந்த மூன்றாம் வரியை மட்டும் திருப்பிப் போட்டார்களா என்று, அச்சுக்குப் போக முந்தி, யாராவது ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள்.